ஒரு மில்லுக்கு எத்தனை பெயர்?

சீன நிறுவனப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள்?

திருப்பூரில் அமெரிக்காவுக்கு ஆடை அனுப்பும் ஏதாவது ஓர் ஏற்றுமதி அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெர்ச்சண்டைசரின் மேசையில் மூன்று தாள்கள் கிடக்கின்றன. ஒன்று, நூலும் துணியும் எந்தெந்த நிறுவனத்திலிருந்து வாங்கப்பட்டன என்று கேட்டு அமெரிக்க பையர் அனுப்பிய படிவம். இரண்டாவது, சீன சப்ளையரின் புரோபார்மா இன்வாய்ஸ்: மேலே ஆங்கிலத்தில் பளபளப்பான கடிதத்தலைப்பு, கீழே நடுவில் நட்சத்திரம் வைத்த வட்டச் சிவப்பு முத்திரை, முத்திரையின் விளிம்பில் சீன எழுத்துகள். மூன்றாவது, அமெரிக்க அரசு தடைசெய்த நிறுவனங்களின் பட்டியல். கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்து, Ctrl+F அழுத்தி, இன்வாய்ஸில் உள்ள ஆங்கிலப் பெயரைத் தட்டினால் ‘இல்லை’ என்று வருகிறது. படிவத்தில் ஒரு டிக். வேலை முடிந்தது. ஆனால் அந்த டிக்குக்கு எந்த மதிப்பும் கிடையாது. நிறுவனத்தின் சட்டப்பூர்வமான பெயர் முத்திரையின் விளிம்பில் இருக்கிறது, அதை யாரும் படிக்கவில்லை. தேடியதோ பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடமேற்குச் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உய்குர் மக்கள் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்படுகிறார்கள் என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. சீன அரசு அதை அடியோடு மறுக்கிறது, பெயர் குறிப்பிடப்பட்ட நிறுவனங்கள் பலவும் மறுக்கின்றன. 2021 டிசம்பரில் கையெழுத்தாகி 2022 ஜூன் 21 முதல் அமலில் உள்ள அமெரிக்கச் சட்டம், அந்தப் பகுதியில் முழுதாகவோ பகுதியாகவோ உருவான எந்தப் பொருளும் கட்டாய உழைப்பில் விளைந்ததென்றே முன்கூட்டிக் கருதுகிறது. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு இறக்குமதி செய்கிறவருக்கு. கூடவே ஒரு நிறுவனப் பட்டியலும் உண்டு. 20 பெயர்களோடு தொடங்கிய அது 2025 தொடக்கத்தில் 140-ஐத் தாண்டியது. பொருள் எந்த நாட்டில் தைக்கப்பட்டது என்பது இங்கே கணக்கில்லை. சட்டம் வந்த முதல் ஆண்டுகளில் தடுத்து நிறுத்தப்பட்ட சரக்கின் மதிப்பில் மலேசியாவும் வியட்நாமும் சீனாவையே முந்தின. சீனப் பருத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஷின்ஜியாங்கில் விளைகிறது. சீனத் துணியோ கலப்பு நூலோ வாங்கி ஆடை தைக்கும் எவருக்கும், பெயர் சரிபார்ப்பது தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது.

பெயர் எங்கே உடைகிறது?

சீன நிறுவனத்தின் பதிவுப் பெயர் வழக்கமாக நான்கு துண்டுகளால் ஆனது: ஊர், தனிப்பெயர், தொழில், நிறுவன வகை. இந்த நான்கும் சீன எழுத்தில் மட்டுமே பதிவாகின்றன. தன்னாட்சிப் பகுதிகளில் உள்ளூர் மொழியையும் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது, ஆங்கிலத்துக்கு அந்த இடம் இல்லை. இன்வாய்ஸில் வரும் ஆங்கிலப் பெயர் அந்த நிறுவனம் தானாகச் சூட்டிக்கொண்டது. இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று மாற்றினாலும் பதிவேட்டில் ஒரு எழுத்துகூட அசையாது. ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வழியில் போகிறது என்பதுதான் சிக்கலின் வேர். ஊரை ஒலியால் எழுதுவார்கள், ஆனால் எந்த மொழியின் ஒலி? தனிப்பெயரைச் சிலர் ஒலியால் எழுதுவார்கள், சிலர் தொடர்பே இல்லாத ஆங்கில பிராண்டு ஒன்றை அங்கே வைப்பார்கள். தொழிலையும் வகையையும் மொழிபெயர்ப்பார்கள், மொழிபெயர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும்.

அமெரிக்கப் பட்டியலே இதற்குச் சாட்சி. அதில் Aksu Huafu Textiles என்ற நூற்பாலை இருக்கிறது. மாற்றுப் பெயர்களாக Akesu Huafu என்பதும் Aksu Huafu Dyed Melange Yarn என்பதும் தரப்பட்டுள்ளன. ‘அக்சு’ உய்குர் உச்சரிப்பு. அதே ஊரைச் சீனர்கள் 阿克苏 என்று எழுதி ‘அகெசு’ என்கிறார்கள். மெலாஞ்ச் நூல், அதாவது பஞ்சிலேயே சாயம் ஏற்றிக் கலந்து நூற்ற நூல், பதிவுப் பெயரில் 色纺 என்று இரண்டே எழுத்தில் நிற்கிறது. அதைச் சுருக்கி ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்று போடுவதும் உண்டு. அடுத்தது Hetian Taida Apparel. இதன் மாற்றுப் பெயர் Hetian TEDA Garment. ஆங்கிலத்தில் படிக்கும் ஒருவருக்கு இவை இரண்டு நிறுவனங்கள். சீனத்தில் 和田泰达 என்ற ஒரே தொடக்கம். ‘ஹெத்தியன்’ என்பதும் சீன ஒலிதான். உலக வரைபடம் அந்த ஊரை ஹோட்டான் என்கிறது. ஆகவே பட்டியலில் ‘ஹோட்டான்’ என்று தேடுகிறவருக்கு இந்த நிறுவனம் கண்ணில் படாது. மூன்றாவது உதாரணம் இன்னும் மோசம்: Changji Esquel Textile. மாற்றுப் பெயர் Changji Yida Textile. எஸ்குவெல் என்பது ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட குழுமத்தின் ஆங்கிலப் பெயர். சீனத்தில் அது 溢达, ஒலி ‘யீதா’. எந்த ஒலிபெயர்ப்பு விதியைப் பிடித்துக்கொண்டு போனாலும் ‘யீதா’விலிருந்து ‘எஸ்குவெல்’லுக்கு வந்து சேர முடியாது.

சரி, பட்டியலில் உள்ள ‘யீதா’வைச் சீன எழுத்தில் மாற்றிப் பதிவேட்டில் தேடினால் என்ன? இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். Yida என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் 溢达 மட்டுமல்ல, 易达, 怡达, 亿达, 益达 எல்லாமே இருக்கலாம், அத்தனையும் நிறுவனங்களுக்கு வைக்கக்கூடிய பெயர்கள். சீனத்தின் ஒலி ஏற்ற இறக்கம் ஆங்கில எழுத்தில் விழுந்துவிடுகிறது, எழுத்தின் உருவமும் போய்விடுகிறது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. Kali என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது காளியா, காலியா, களியா, கலியா? தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவது எளிது, திரும்பி வரும்போது வழி நான்காகப் பிரிகிறது.

பதிவேட்டிலிருந்து பட்டியலுக்கு

ஆகவே இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றே: தேடலின் திசையை மாற்ற வேண்டும். ஆங்கிலப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சீனப் பதிவேட்டுக்குள் போகக் கூடாது. சப்ளையரின் சீனப் பெயரையும் பதிவு எண்ணையும் முதலில் கையில் வாங்கிப் பதிவேட்டில் உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து ஆங்கிலப் பட்டியலுக்கு வர வேண்டும். சீன எழுத்து கையில் இருந்தால் அது எடுக்கக்கூடிய ஆங்கில வடிவங்களை எண்ணி முடித்துவிடலாம். ஊருக்குச் சீன ஒலி ஒன்று, உள்ளூர் ஒலி ஒன்று. தனிப்பெயருக்கு ஒலி ஒன்று, பிராண்டு ஒன்று. தொழிலுக்கு நான்கைந்து மொழிபெயர்ப்புகள். இவற்றில் தொழிலையும் வகையையும் விட்டுவிட்டு, ஊரையும் தனிப்பெயரையும் மட்டும் தனித்தனியாகத் தேடினால் போதும். ‘அப்பேரல்’ என்றும் ‘கார்மென்ட்’ என்றும் மாறுகிற சொல்லைத் தேடலில் சேர்ப்பது, கிடைக்க வேண்டியதை நாமே வடிகட்டித் தள்ளுவதாகும்.

இதற்கு முதலில் கேட்க வேண்டியது 营业执照 எனப்படும் தொழில் உரிமத்தின் ஸ்கேன் பிரதி. சீனாவில் அது ஒளித்து வைக்கும் ஆவணம் அல்ல. கடைச் சுவரிலேயே மாட்டி வைப்பார்கள். தரத் தயங்குகிற சப்ளையர் அந்தத் தயக்கத்தாலேயே ஒரு தகவலைத் தந்துவிடுகிறார். உரிமத்தில் சீனப் பெயர், நிறுவன வகை, சட்டப் பிரதிநிதியின் பெயர், முகவரி, தொடங்கிய நாள், தொழில் எல்லை எல்லாம் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், 18 இடம் கொண்ட ஒருங்கிணைந்த சமூகக் கடன் எண். 2015 முதல் நடைமுறைக்கு வந்த இந்த எண் பெயர் மாறினாலும் மாறாது. ஒரு எச்சரிக்கை: சிவப்பு முத்திரையின் அடியில் பெரும்பாலும் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அது முத்திரையின் பதிவு எண். அதை நிறுவன எண் என்று நினைத்துத் தேடி, ‘இல்லை’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மொழி தெரியாதவருக்கும் இந்த எண் பேசும். முதல் எழுத்து 9 என்றால் சந்தை ஒழுங்குமுறைத் துறையில் பதிவானது. இரண்டாவது எழுத்து 1 என்றால் நிறுவனம், 2 என்றால் தனிநபர் கடை. ‘கம்பெனி லிமிடெட்’ என்று கடிதத்தலைப்பு வைத்தவரின் எண் 92 என்று தொடங்கினால், அங்கே கம்பெனியே இல்லை. மூன்று முதல் எட்டு வரையிலான ஆறு இலக்கங்கள் பதிவு செய்த இடத்தைச் சொல்கின்றன. 44 குவாங்டோங் மாகாணம், அதில் 4403 ஷென்ஜென் நகரம். ஷின்ஜியாங்கின் எண் 65. அக்சு வட்டாரம் 6529, ஹோட்டான் 6532, சாங்ஜி 6523. பெயரை அக்சு என்றோ அகெசு என்றோ, எஸ்குவெல் என்றோ யீதா என்றோ எப்படி எழுதினாலும், 9165 என்று தொடங்கும் எண் ஒரே சேதியைத்தான் சொல்லும்.

பெட்டிச் செய்தி: எண் பொய்யா என்று காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம்

> கடைசி எழுத்து, முந்தைய 17-ஐக் கொண்டு கணக்கிடப்படும் சோதனை எழுத்து. ஹுவாவே நிறுவனத்தின் எண்ணை எடுத்துக்கொள்வோம்: 914403001922038216. முதல் 17 இலக்கங்களை வரிசையாக 1, 3, 9, 27, 19, 26, 16, 17, 20, 29, 25, 13, 8, 24, 10, 30, 28 ஆகிய எண்களால் பெருக்கிக் கூட்டினால் 831 வரும்.
>
> ```
> 831 ÷ 31 → மீதி 25
> 31 − 25 = 6
> ```
>
> கடைசி எழுத்து 6. எண் சரி. எண்ணில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் A-க்கு 10 என்று தொடங்கி வரிசையாக மதிப்பு உண்டு. I, O, S, V, Z ஐந்தும் இந்த எண்ணில் வரவே வராது. ஸ்கேனில் O போல் தெரிவது பூஜ்யம், S போல் தெரிவது 5.

பதிவேட்டுக்குள்

சீன அரசின் பதிவேடு www.gsxt.gov.cn என்ற முகவரியில் இருக்கிறது. உரிமத்தில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்தாலும் அங்கே போகலாம். ஆனால் போலி உரிமம் தயாரிக்கத் தெரிந்தவருக்குப் போலிப் பக்கத்துக்கு ஒரு கியூஆர் குறி போடவும் தெரியும். முகவரியை நாமே தட்டுவதுதான் பாதுகாப்பு. தேடல் பெட்டியில் பெயருக்குப் பதில் 18 இட எண்ணைக் கொடுத்தால் ஒலிபெயர்ப்புச் சிக்கல் எதுவும் எழாது. வெளிநாட்டிலிருந்து இந்தத் தளம் மெதுவாகத் திறக்கும், சில நேரம் திறக்கவே திறக்காது. சீனாவின் தனியார் தகவல் தளங்களும் 2023 வாக்கில் வெளிநாட்டவருக்கான வாசலைக் குறுக்கிவிட்டன. சீனாவில் உள்ள ஏஜென்ட் மூலம் பக்கத்தை எடுப்பது நடைமுறையில் பலரும் செய்வதுதான். அப்படி எடுத்தால் தேதியும் முகவரிப் பட்டையும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் வேண்டும், ஏஜென்ட் தட்டச்சு செய்து அனுப்பும் சுருக்கம் போதாது.

பக்கம் திறந்ததும் கண் போக வேண்டிய முதல் இடம் பதிவு நிலை. 存续 என்றால் நிறுவனம் இருக்கிறது. 注销 என்றால் முறைப்படி கலைக்கப்பட்டது. 吊销 என்பதுதான் ஆளைக் குழப்பும். தண்டனையாக உரிமம் பறிக்கப்பட்டுவிட்டது, தொழில் நடத்தக் கூடாது, ஆனால் சட்டத்தின் கண்ணில் நிறுவனம் இன்னும் சாகவில்லை, கடனும் பொறுப்பும் அதன் தலையில்தான் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குப் பின்னிரண்டும் ஒன்றுபோலத் தெரியும், இரண்டாவது எழுத்து இரண்டிலும் ஒன்றே. அடுத்தது 经营异常名录 என்ற தலைப்பு. ஆண்டறிக்கை தராதவர்களும், பதிவு முகவரியில் தேடிப்போனால் கிடைக்காதவர்களும் இதில் ஏற்றப்படுவார்கள். ஒரு மில் தன் முகவரியில் இல்லை என்று சீன அதிகாரியே எழுதி வைத்திருக்கும்போது, இங்கிருந்து நூல் வாங்குகிறவர் அதைப் பார்க்காமல் இருப்பது தேவையில்லாத துணிச்சல். பதிவு மூலதனத்தைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். 2014 முதல் அது செலுத்தப்போவதாகச் சொன்ன தொகைதான். ஐந்தாண்டுக்குள் செலுத்தியாக வேண்டும் என்ற கட்டுப்பாடு 2024 ஜூலையில்தான் வந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாகத் தோன்றுவது மாற்றப் பதிவுகள் என்ற பகுதி. பழைய பெயர், பழைய சட்டப் பிரதிநிதி, பழைய பங்குதாரர், மாறிய தேதி எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். தடைப் பட்டியலில் ஏறிய பிறகு பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட நிறுவனத்தை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக வேறொரு நிறுவனம் தொடங்கிவிட்டால் எண்ணும் புதிது. அப்போது முகவரியையும் பங்குதாரர்களையும் ஒப்பிட வேண்டியிருக்கும், இங்கே ஆட்பெயர் என்ற இன்னொரு சதுப்பு நிலம் தொடங்குகிறது. பதிவேட்டில் சட்டப் பிரதிநிதியின் பெயர் மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. 张伟, அதாவது ஜாங் வெய், என்ற பெயரைக் கொண்டவர்கள் சீனாவில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே சீன எழுத்திலேயே பெயர் ஒத்துப்போனாலும் ஒரே ஆள் என்று சொல்லிவிட முடியாது. பெயரோடு முகவரியோ இன்னொரு பங்குதாரரோ சேர்ந்து ஒத்துப்போனால்தான் அதற்கு எடை. வெறும் பெயர் ஒற்றுமையைக் காட்டி ஒரு நிறுவனத்தைக் கழித்துக்கட்டுவதும் தவறுதான். நேர்மையான சப்ளையர் ஒருவர் அதில் அடிபடுவார்.

ஹாங்காங் கடிதத்தலைப்பு

பல நேரம் இன்வாய்ஸ் சீன மில்லின் பெயரில் வராமல் ஹாங்காங் வணிக நிறுவனத்தின் பெயரில் வருகிறது. அங்கே பதிவேடு வேறு, விதியும் வேறு. ஹாங்காங்கில் ஆங்கிலப் பெயருக்கும் சட்ட மதிப்பு உண்டு, சீனப் பெயரையும் சேர்த்துப் பதியலாம். ஆனால் சீன எழுத்து அங்கே பழைய வடிவில் இருக்கும்: மெயின்லாந்தில் 华 என்பது ஹாங்காங்கில் 華, 达 என்பது 達. ஒரு பதிவேட்டில் நகலெடுத்ததை இன்னொன்றில் ஒட்டினால் சில நேரம் எதுவும் கிடைக்காது. ஆட்பெயரின் ஒலியும் மாறிவிடும். 陈 என்ற குடும்பப்பெயர் மெயின்லாந்தில் Chen, ஹாங்காங்கின் கான்டனீஸ் உச்சரிப்பில் Chan. மலேசியா, சிங்கப்பூர் தமிழருக்குப் பழக்கமான Tan பெரும்பாலும் இதே எழுத்துதான். ஹாங்காங் நிறுவனத்தின் இயக்குநரும் மெயின்லாந்து மில்லின் சட்டப் பிரதிநிதியும் ஒருவரா என்று ஆங்கில எழுத்தில் ஒப்பிட்டால் இரண்டு குடும்பமாகத் தெரியும், சீன எழுத்தில் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். ஹாங்காங் ஆண்டறிக்கையில் இயக்குநரின் சீனப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. கட்டணம் கட்டி அந்த ஆவணத்தையே எடுத்துப் பார்ப்பது நல்லது.

‘இதெல்லாம் நம் வேலையா?’

முதல் ஆட்சேபம் தொழிலிலிருந்தே வரும்: பையர்தானே அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறார், சரிபார்ப்பது அவர் பாடு. சட்டப்படி சரி. ஆனால் சரக்கு துறைமுகத்தில் தடுக்கப்பட்டதும் 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். பஞ்சிலிருந்து ஆடை வரையிலான ஆவணங்களைப் பையர் அப்போது கேட்பது திருப்பூரைத்தான். பணம் நிற்கும் இடமும் இதுதான். ஹெத்தியன் தைதா விவகாரத்தில் 2018 டிசம்பரில் ஏபி செய்தி நிறுவனம் ஹோட்டான் ஆலையிலிருந்து வட கரோலினாவின் விளையாட்டுடை நிறுவனம் ஒன்றுக்குப் போன சரக்கின் தடத்தை வெளியிட்டது. வாங்கிய நிறுவனம் அந்த உறவை முறித்துக்கொண்டது. அமெரிக்கச் சுங்கத்துறையின் தடையாணை வந்தது 2019 இலையுதிர் காலத்தில்தான். வணிக விளைவு சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வேறொரு நிறுவனத்தின் உரிமத்தை நகலெடுத்து அனுப்பினால்? எண் சரியாக இருக்கும், சோதனைக் கணக்கும் ஒத்துப்போகும், பதிவேட்டில் பச்சையாகப் பக்கமும் திறக்கும். உண்மைதான். பதிவேடு ஒரு நிறுவனம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், நம்மிடம் மின்னஞ்சலில் பேசுகிறவர் அந்த நிறுவனம்தான் என்று அது சொல்லாது. ஆகவே எண்ணைப் பணத்தோடும் முத்திரையோடும் கட்டிப்போட வேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சீனப் பெயரும் 18 இட எண்ணும் இடம்பெற வேண்டும். முத்திரையின் விளிம்பில் உள்ள எழுத்துகள் பதிவேட்டுப் பெயரோடு ஒவ்வொன்றாக ஒத்துப்போக வேண்டும். சீனம் தெரியாவிட்டாலும் உருவத்தை ஒப்பிடலாம், பத்துப் பதினைந்து எழுத்துதான். வங்கிக் கணக்கு அதே நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்கோ பெயர் கேள்விப்படாத மூன்றாம் நிறுவனத்துக்கோ பணம் அனுப்பச் சொன்னால், பதிவேட்டில் பார்த்த அத்தனையும் வீண்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. எண்ணில் 65 இல்லாததால் ஷின்ஜியாங் தொடர்பே இல்லை என்றாகிவிடாது. பதிவான ஊர் ஒன்று, ஆலை நிற்கும் ஊர் இன்னொன்றாக இருக்கலாம். ஷாங்காயில் பதிவான நிறுவனத்துக்கு அக்சுவில் கிளை இருக்கலாம், கிளைக்குத் தனி எண் உண்டு, தாய் நிறுவனத்தின் பக்கத்தில் கிளைகளின் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். பங்குதாரர் பகுதியில் மேலே ஏறிப்போனால் குழுமம் தெரியும். ஆனால் ஜேஜியாங் மாகாணத்தில் பதிவாகி, அங்கேயே நூற்கும் ஆலையும் ஷின்ஜியாங் பஞ்சை வாங்கலாம், அதைப் பதிவேட்டின் எந்தப் பக்கமும் காட்டாது. அதற்குப் பஞ்சு பேல் எண், கொள்முதல் ரசீது, உற்பத்திப் பதிவு, தேவைப்பட்டால் நாரின் ஐசோடோப்புச் சோதனை என்று வேறு பாதை இருக்கிறது. பதிவேட்டுத் தேடல் அந்தப் பாதையின் முதல் படி. அந்தப் படியில் நிறுவனத்தைத் தவறாக அடையாளம் கண்டால் பின்னால் சேர்க்கும் ரசீதுகள் எல்லாம் வேறு யாரோ ஒருவருடையவை.

பெட்டிச் செய்தி: கோப்பில் இருக்க வேண்டியவை

> சீனப் பெயர் எழுத்தாக, படமாக மட்டும் அல்ல. நகலெடுத்துத் தேட முடிய வேண்டும். 18 இட எண். தேதியுடன் பதிவேட்டுப் பக்கம், மாற்றப் பதிவுகளும் கிளைகளும் பங்குதாரர்களும் சேர்த்து. ஊருக்கும் தனிப்பெயருக்கும் எந்தெந்த ஆங்கில வடிவங்களைத் தடைப் பட்டியலில் தேடினோம், எந்தத் தேதியின் பட்டியலில் என்ற குறிப்பு. ‘கிடைக்கவில்லை’ என்ற முடிவுக்கு இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் சான்று மதிப்பு கிடையாது.

தடைப் பட்டியல் ஆங்கில எழுத்தில்தான் அச்சாகிறது, 18 இட எண் அதில் இல்லை. அமெரிக்க அரசு அந்த எண்ணையும் சேர்த்து வெளியிட்டால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலை இருக்காது, அப்படிச் செய்யாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அதுவரை பொருத்திப் பார்க்கும் வேலை வாங்குகிறவர் தலையில்தான். பட்டியல் அவ்வப்போது நீள்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏறிய பெயர்களோடு எல்லா சப்ளையர்களின் சீனப் பெயரையும் மறுபடி ஒப்பிட வேண்டும். சீனப் பெயரும் எண்ணும் ஏற்கெனவே கோப்பில் இருக்கிற அலுவலகத்துக்கு அது ஒரு பிற்பகல் வேலை, இன்வாய்ஸில் உள்ள ஆங்கிலப் பெயர் மட்டும் இருக்கிற அலுவலகம் ஒவ்வொரு சப்ளையருக்கும் கடிதம் எழுதி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.